ஐசோமெட்ரிக் படம்: கோட்டால் வரைவதா, திண்மமாகக் கட்டுவதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் நம் சங்க நூலகத்துக்கு ஒரு படத்தைக் கொண்டுவந்தான். ஒரு வார்ப்பு பிராக்கெட்டின் ஐசோமெட்ரிக் படம். ஆட்டோகேட்டில் வரைந்து, அளவும் போட்டு, அச்செடுத்திருந்தான். கோடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் உள்ள முக்கோண ரிப்பின் சாய்வு விளிம்பில் 69.28 என்று அளவு விழுந்திருந்தது.

"மாமா, அடி 40, உயரம் 40. பித்தகோரஸ்படி சாய்வு 56.57 வரணும். கம்ப்யூட்டர் 69.28 காட்டுது. கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா?" என்று கேட்டான்.

கம்ப்யூட்டர் தப்பு சொல்லவில்லை. தாளில் உள்ள கோட்டை அளந்து, தாளில் உள்ளதைச் சொன்னது. இரும்பில் உள்ள நீளம் வேறு. இந்த வேறுபாட்டை நான் செலவு செய்து கற்றுக்கொண்டவன். 2004-ஆம் ஆண்டில் ஒரு பட்டறைக்குச் சாமான் அடுக்கும் இரும்புத் தாங்கி ஒன்றுக்கு 1:5 அளவில் ஐசோமெட்ரிக் படம் வரைந்து கொடுத்தேன். பக்கத்தில் 400 மி.மீ. சதுரமாக இரண்டு கட்டங்கள். ஒன்றில் வலப்பக்கம் ஏறும் குறுக்குப் பட்டை, மற்றதில் வலப்பக்கம் இறங்கும் குறுக்குப் பட்டை. இரண்டும் நிஜத்தில் ஒரே நீளம், 566 மி.மீ. அந்த நீளத்தைப் படத்தில் எழுத மறந்துவிட்டேன். ஃபிட்டர் அச்சின் மேல் ஸ்கேலை வைத்து அளந்து, ஐந்தால் பெருக்கி, ஒன்றை 693 என்றும் மற்றதை 400 என்றும் வெட்டிவிட்டார். நீளமானதைத் திரும்ப வெட்டிக்கொள்ளலாம். குறைந்ததை என்ன செய்வது? அத்தனையும் பழைய இரும்போடு போயிற்று. தவறு ஃபிட்டருடையது அல்ல. அளக்கக்கூடாத கோட்டை அளவில்லாமல் விட்ட என்னுடையது.

ஆகவே அந்தத் தம்பியின் பிராக்கெட்டையே எடுத்துக்கொண்டு, இருபரிமாண கேட்டில் ஐசோபிளேன் வைத்து இதை எப்படி வரைவது, எந்த இடத்தில் அதை விட்டுவிட்டுத் திண்மமாகக் கட்டுவது என்று பார்ப்போம்.

மூன்று திசைகள்தான் உண்மை

ஐசோமெட்ரிக் படத்தில் பொருளின் நீளம் தாளில் 30 பாகையில் வலப்பக்கம் ஏறுகிறது. அகலம் 150 பாகையில், அதாவது இடப்பக்கம் அதே சாய்வில் ஏறுகிறது. உயரம் நேர் செங்குத்தாக, 90 பாகையில் நிற்கிறது. இந்த மூன்று திசைகளில் செல்லும் கோடுகளை மட்டும் முழு அளவில் போடுகிறோம். 100 மி.மீ. என்றால் 100. இவற்றில் அடங்காத எந்தக் கோட்டுக்கும் தாளில் உள்ள நீளமும் கோணமும் பொய்.

எவ்வளவு பொய் என்பதற்கு ஒரு சதுரத்தை நினைத்துக்கொண்டால் போதும். 40 மி.மீ. சதுரம் ஐசோமெட்ரிக்கில் சாய்சதுரமாக மாறுகிறது. பக்கங்கள் நான்கும் 40 ஆகவே இருக்கின்றன. மூலைவிட்டங்களோ நிஜத்தில் இரண்டும் 56.57 ஆக இருந்தவை, படத்தில் ஒன்று 69.28 ஆக நீண்டும் மற்றது 40 ஆகக் குறுகியும் போகின்றன. நம் தம்பியின் ரிப் நீண்ட மூலைவிட்டத்தின் மேல் அமைந்தது. என் தாங்கியில் இரண்டு பட்டைகளும் இரண்டு மூலைவிட்டங்களின் மேல் அமைந்தன. கதை அவ்வளவுதான்.

திரையைத் தயார் செய்தல்

ஆட்டோகேட்டில் இதற்கென்று தனி மென்பொருள் வேண்டாம். கட்டத்தின் பாணியை மாற்றினால் போதும்.

```
SNAP
S
I
1
```

கடைசியில் உள்ள 1 கட்டப் புள்ளிகளின் இடைவெளி. இப்போது குறுக்குக் கோடு சாய்ந்து நிற்பதைக் காணலாம். புதிய பதிப்புகளில் இதே வேலையை `ISODRAFT` என்ற கட்டளையோ, திரையின் அடியில் உள்ள பொத்தானோ செய்யும். F8 விசையை அழுத்தி `ORTHO` வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். F9 விசையால் புள்ளிக்குப் புள்ளி தாவும் `SNAP` வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லாத இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இனி F5 விசை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மூன்று முகங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறும். இடது முகத்தில் 90, 150 பாகைகளும், மேல் முகத்தில் 30, 150 பாகைகளும், வலது முகத்தில் 30, 90 பாகைகளும் கிடைக்கும். எந்த முகத்தில் இருக்கிறோம் என்பது கட்டளை வரியில் `<Isoplane Left>`, `<Isoplane Top>`, `<Isoplane Right>` என்று தெரியும். கோடு வரையும்போது தவறான முகத்தில் இருந்தால் கோடு போக வேண்டிய திசையில் போகாது, உடனே தெரிந்துவிடும். வட்டம் வரையும்போது அப்படியல்ல. தவறான முகத்திலும் வட்டம் வந்துவிடும், ஆனால் துளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். எனவே வட்டத்துக்கு முன் F5 நிலையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பிராக்கெட்டை வரைதல்

பொருள் இதுதான். அடிப்பலகை 100 நீளம், 60 அகலம், 12 கனம். அதன் வலது கோடியில் 12 கனமுள்ள நிற்கும் பலகை, அகலம் அதே 60. அதன் தலை 30 ஆரத்தில் அரைவட்டமாக வளைந்திருக்கிறது. வளைவின் மையம் தரையிலிருந்து 90 உயரத்தில். அதே மையத்தில் 30 விட்டத்துளை. அடிப்பலகையில், முன் கோடியிலிருந்து 20 தள்ளி, அகலத்தில் 15-லும் 45-லும் 14 விட்டத்துளைகள் இரண்டு. நிற்கும் பலகைக்கு முட்டுக்கொடுக்க, அகலத்தின் நடுவில் 10 கனமுள்ள முக்கோண ரிப், அடி 40, உயரம் 40.

நமக்கு மிக அருகில் உள்ள கீழ்மூலையிலிருந்து தொடங்குவோம். அந்தப் புள்ளியைச் சொடுக்கியபின்:

```
@100<30
@12<90
@100<210
@12<270
```

இது அடிப்பலகையின் வலது முகம். அதே மூலையிலிருந்து `@60<150`, `@12<90`, `@60<330` என்று போட்டால் இடது முகம். இடது முகத்தின் மேல் இடது மூலையிலிருந்து 30 பாகையில் 88 மட்டும் வரையுங்கள். மீதி 12 மி.மீ. நிற்கும் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

வலது முகத்தின் மேல் விளிம்பில் வலது கோடியிலிருந்து 12 உள்ளே வந்து ஒரு புள்ளி. இதுதான் நிற்கும் பலகையின் முன்முகத்துக் கீழ்மூலை. இதிலிருந்து `@60<150` போட்டால் பலகை அடியில் சேரும் கோடு கிடைக்கும். அதன் இரண்டு முனைகளிலிருந்தும், வலது கோடி மூலையிலிருந்தும், 78 உயரத்துக்குச் செங்குத்துக் கோடுகள் ஏற்றுங்கள். 12-ம் 78-ம் சேர்ந்து 90.

இங்கே மாணவர்கள் பெரும்பாலும் விடும் தவறு ஒன்று உண்டு. அடிப்பலகையும் நிற்கும் பலகையும் ஒரே வார்ப்பு. வலது முகத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த முகத்தில் இவை சந்திக்கும் 12 மி.மீ. கோடு உண்மையில் கிடையாது. அடிப்பலகைக்கு முதலில் போட்ட மேல் விளிம்பில் அந்தக் கடைசித் துண்டை அழித்துவிட வேண்டும்.

அடுத்தது வளைவு. முன்முகத்தின் இரண்டு செங்குத்துக் கோடுகளின் உச்சிகளையும் ஒரு துணைக்கோட்டால் இணையுங்கள். அதன் நடுப்புள்ளிதான் மையம். F5 விசையால் இடது முகத்துக்கு வந்து,

```
ELLIPSE
I
```

என்று கொடுத்து, நடுப்புள்ளியைப் பிடித்து, ஆரம் 30. `I` என்ற வசதி ஐசோமெட்ரிக் கட்டம் இருக்கும்போது மட்டுமே காட்டப்படும். அது காணவில்லை என்றால் முதல் படி சரியாக நடக்கவில்லை என்று பொருள். மறுபடி அதே மையத்தில் ஆரம் 15 போட்டால் துளை. துணைக்கோட்டை எல்லையாக வைத்துப் பெரிய நீள்வட்டத்தின் கீழ்ப்பாதியை `TRIM` கட்டளையால் வெட்டிவிட்டு, துணைக்கோட்டையும் அழித்துவிடலாம்.

கனம் காட்ட, மீந்த அரை வளைவை `COPY` கட்டளையால் `@12<30` தூரம் நகலெடுங்கள். முன் வளைவையும் பின் வளைவையும் இடது தோள்பட்டையில் ஒரு கோடு தொட்டு இணைக்க வேண்டும். அது எங்கே தொடும்? கண் மதிப்பில் போடுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. 30 பாகைத் திசையில் செல்லும் தொடுகோடு, இடது முக நீள்வட்டத்தின் நெட்டச்சு முனையில்தான் தொடும். `QUA` என்ற பிடிப்பு அந்த முனையை நேரே கொடுக்கும். இரண்டு வளைவுகளிலும் இடது மேல்புறத்து `QUA` புள்ளிகளை இணைத்து, பின் வளைவில் அதற்கு இடப்பக்கம் மிஞ்சியதை வெட்டினால் தலை முடிந்தது.

துளையின் பின் விளிம்பு தெரியுமா, தெரியாதா? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஐசோமெட்ரிக் நீள்வட்டத்தின் குற்றச்சு, விட்டத்தில் 0.707 மடங்கு. 30 விட்டத்துக்கு அது 21.2. பலகையின் கனம் 12 அதைவிடக் குறைவு. எனவே துளைக்குள்ளே பின் விளிம்பின் ஒரு பகுதி பிறை போலத் தெரியும். சிறிய நீள்வட்டத்தையும் `@12<30` நகலெடுத்து, முன் துளைக்கு வெளியே உள்ளதை வெட்டுங்கள். அடிப்பலகையின் 14 விட்டத்துளைகளுக்குக் குற்றச்சு 9.9 மட்டுமே, கனம் 12 அதைவிடப் பெரிது. எனவே அவற்றின் அடி விளிம்பு தெரியாது. மேல் முகத்தில் ஆரம் 7 உள்ள இரண்டு நீள்வட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசியில் ரிப். நிற்கும் பலகையின் முன் கீழ்மூலையிலிருந்து அடிக்கோட்டின் வழியே 25 உள்ளே போய் ஒரு புள்ளி. அதிலிருந்து `@40<210` போட்டால் ரிப்பின் பாதம். அதே புள்ளியிலிருந்து `@40<90` போட்டால் ரிப்பின் தலை. இப்போது `ORTHO` வசதியை F8 விசையால் அணைத்துவிட்டு, பாதத்தையும் தலையையும் நேரே இணையுங்கள். கோணமும் நீளமும் நாம் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாய்வுக்கோட்டுக்கு அதுதான் விதி: இரண்டு முனைகளையும் மூன்று திசைகளின் வழியாகவே நடந்து கண்டுபிடிக்க வேண்டும், பிறகு சேர்க்க வேண்டும். நிஜத்தில் 45 பாகையுள்ள இந்தச் சாய்வு தாளில் 60 பாகையில் விழுகிறது. 45 என்று கோணம் கொடுத்து வரைந்தவன் ரிப்பின் தலையைத் தவற விடுவான்.

சாய்வுக்கோட்டை `@10<150` நகலெடுத்து, பாதங்களையும் தலைகளையும் இணைத்தால் ரிப் முழுமை பெறும். இந்த இரண்டாவது சாய்வுக்கோடு, நிற்கும் பலகையின் அடிக்கோட்டில் பெரும்பகுதியை மறைக்கிறது. ரிப்புக்கு வலப்பக்கம் 25 மி.மீ. தெரியும், இடப்பக்கம் கோடியில் 5 மி.மீ. மட்டும் எட்டிப் பார்க்கும். உங்கள் படத்தில் வெட்டியபின் அந்த 5 மி.மீ. சரியாக மிஞ்சினால், அளவுகள் எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன என்று நம்பலாம்.

பழகிய கட்டளைகள் காலை வாரும் இடங்கள்

சாதாரணப் படத்தில் தினமும் பயன்படும் சில கட்டளைகள் இங்கே மௌனமாகத் தவறு செய்யும். முதலாவது `OFFSET`. பலகையின் கனத்தைக் காட்ட 12 என்று கொடுத்து இணைகோடு எடுத்தால், கேட் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக 12 நகர்த்தும். நமக்கு வேண்டியதோ அச்சின் வழியே 12. திசைகள் 60 பாகையில் வெட்டிக்கொள்வதால், அச்சின் வழியே அது 13.86 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். ஆகவே ஐசோமெட்ரிக்கில் `OFFSET` வேண்டாம். எப்போதும் `COPY`, அதுவும் 30, 90, 150 பாகைகளில்.

`FILLET` அதே மாதிரி. மூலையை உருட்டச் சொன்னால் உண்மையான வட்டவில்லைப் போடும். அங்கே இருக்க வேண்டியது நீள்வட்டத்தின் துண்டு. ஐசோமெட்ரிக் நீள்வட்டத்தை வரைந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அளவு போடும்போது `DIMALIGNED` கட்டளையால் போட்டு, பிறகு `DIMEDIT`, `O` கொடுத்து, நீட்டுக்கோடுகளை 30, 90, 150 பாகைகளில் ஏதேனும் ஒன்றுக்குச் சாய்த்துவிட்டால் அளவு அந்த முகத்தின் மேலேயே படுத்திருப்பது போலத் தோன்றும். அடிப்பலகையின் 100-க்கும் 60-க்கும் 90 பொருந்தும். ரிப்பின் சாய்வுக்கு மட்டும் அளவே போடாதீர்கள். 40, 40 என்று இரண்டு அளவுகளைக் கொடுத்தால் பட்டறைக்காரருக்கு அது போதும். சாய்வு நீளம் கட்டாயம் வேண்டுமென்றால் 56.57 என்று கையால் எழுதுங்கள். தம்பியின் 69.28 வந்த வழி இதுதான்.

அதே பிராக்கெட் திண்மமாக

இப்போது அதே பொருளைக் கோடுகளாக அல்லாமல் கட்டையாகவே கட்டிப் பார்ப்போம். கட்டளைகளையும் அவை கேட்கும் புள்ளிகளையும் வரிசையாகத் தருகிறேன்.

```
BOX       0,0,0      100,60,12
BOX       88,0,12    100,60,90
CYLINDER  88,30,90   30   A   100,30,90
WEDGE     88,25,12   48,35,12   40
UNION
```

`CYLINDER` கட்டளையில் `A` என்பது உருளையின் அச்சு எந்தப் புள்ளியை நோக்கிப் போகிறது என்று சொல்வது. `WEDGE` ஆப்பு வடிவத்தைத் தரும். முதலில் கொடுக்கும் மூலையில் உயரமாகவும் எதிர்மூலையை நோக்கிச் சரிந்தும் இருக்கும். `UNION` கொடுத்ததும், நாம் கையால் அழித்த அந்த 12 மி.மீ. கோடு தானாகவே மறையும். பிறகு 15 ஆரத்தில் ஓர் உருளையும் 7 ஆரத்தில் இரண்டு உருளைகளும் போட்டு, `SUBTRACT` கட்டளையால் கழித்தால் துளைகள்.

`VPOINT` கட்டளைக்கு `-1,-1,1` என்று கொடுத்தால் நாம் வரைந்த அதே பார்வை வரும். அதற்கு முன் `PERSPECTIVE` மதிப்பு 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 1 ஆக இருந்தால் இணைகோடுகள் தண்டவாளம் போலத் தூரத்தில் குவியும். அது ஐசோமெட்ரிக் அல்ல.

திரையில் தெரியும் இந்தத் தோற்றத்தைத் தாளுக்கு ஏற்ற கோடுகளாக மாற்ற `FLATSHOT` என்ற கட்டளை 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து இருக்கிறது. மறைந்த கோடுகளைக் காட்ட வேண்டாம் என்று குறித்துவிட்டால், தெரியும் கோடுகள் மட்டும் ஒரே தொகுப்பாக வந்து விழும். பிறையும், தோள்பட்டைத் தொடுகோடும், அடிக்கோட்டில் மிஞ்சும் 5 மி.மீ. துண்டும் நாம் நினைக்காமலே சரியாக இருக்கும்.

ஆனால் ஒன்றை அளந்து பாருங்கள். அடிப்பலகையின் 100 மி.மீ. விளிம்பு இதில் 81.65 தான் இருக்கும். பயப்பட வேண்டாம். பொருளைச் சாய்வாகப் பார்க்கும்போது மூன்று திசைகளும் உண்மையிலேயே 0.8165 மடங்காகக் குறுகித் தெரிகின்றன. கையால் வரையும்போது சௌகரியத்துக்காக அந்தக் குறுக்கலை விட்டுவிட்டு முழு அளவில் போடுகிறோம். இரண்டு வகைப் படங்களையும் ஒரே தாளில் வைக்க வேண்டுமானால், `FLATSHOT` தந்ததை `SCALE` கட்டளையால் 1.2247 மடங்கு பெரிதாக்கினால் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும்.

வேடிக்கை என்னவென்றால், பெரிதாக்குவதற்கு முன் ரிப்பின் சாய்வை அளந்தால் சரியாக 56.57 வரும்! அந்தச் சாய்வு விளிம்பு தற்செயலாக நம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக அமைந்திருப்பதுதான் காரணம். எதிர்த்திசையில் சாயும் ரிப்பானால் 32.66 வந்திருக்கும். ஒரு கோடு சரியாக வந்ததை வைத்து மற்றதையும் அளக்கத் துணிந்தால் என் தாங்கியின் கதைதான்.

எப்போது எது?

இந்த பிராக்கெட்டுக்கு மட்டும் என்றால் நான் ஐசோபிளேன் வைத்தே வரைவேன். முகங்கள் மூன்று திசைகளில் அடங்குகின்றன. வட்டங்கள் எல்லாம் அந்த முகங்களின் மேல் இருக்கின்றன. சாய்வு ஒன்றே ஒன்று, அதன் முனைகளும் சுலபமாகக் கிடைக்கின்றன. குழாய்ப் பாதைகளை ஒற்றைக் கோட்டில் காட்டும் படங்களுக்கும் இதுவே ஏற்றது. ஆட்டோகேட் எல்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதில் திண்மம் கட்டும் வசதி கிடையாது.

இதே பிராக்கெட்டில் ஒரு சிறு மாற்றம் வந்தால் என் முடிவு மாறிவிடும். துளையைச் சுற்றி 50 விட்டத்தில் 40 மி.மீ. முன்னால் நீட்டிய ஓர் உருளை முகப்பு. அதன் முதுகில் எண்ணெய் விட 20 விட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு நிப்பிள். அவ்வளவுதான். ஆனால் நிப்பிள் முகப்பைச் சந்திக்கும் வளைவு எந்த முகத்தின் மேலும் இல்லை. அது நீள்வட்டமும் அல்ல. குதிரைச் சேணம் போல வளைந்த கோடு.

கையால் வேண்டுமானால் நிப்பிளின் வட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முகப்பின் அச்சிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதற்கு ஏற்ப முகப்பின் முதுகு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். நடுவில் 25, பக்கவாட்டில் 5 தள்ளினால் 24.5, 8.66 தள்ளினால் 23.5, ஓரத்தில் 10 தள்ளினால் 22.9. இப்படிப் பன்னிரண்டு புள்ளிகளையும் மூன்று திசைகளின் வழியே நடந்து குறித்து, வளைகோட்டால் இணைக்க வேண்டும். ஒரு தடவை என்றால் செய்துவிடலாம். மறுநாள் நிப்பிள் 20 அல்ல, 24 என்று கடிதம் வந்தால் பன்னிரண்டு புள்ளிகளும் வீண். திண்மத்திலோ ஓர் உருளையை மாற்றி, மறுபடி `UNION`, மறுபடி `FLATSHOT`. மறுபடி என்று சொல்வதைக் கவனியுங்கள். முன்பு எடுத்த படம் தானாக மாறாது. பழைய தொகுப்பை நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். மையக்கோடுகளையும் அது போடாது. நாம்தான் போட வேண்டும்.

நிற்கும் பலகையை 15 பாகை பின்னால் சாய்த்தாலும் இதே கதி. சாய்ந்த முகத்தின் மேலுள்ள துளைக்கு ஐசோபிளேனில் நீள்வட்டமே கிடையாது. அங்கே பழக்கத்தில் இடது முக நீள்வட்டத்தைப் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் துளை பலகையோடு சாயாமல் தனியே நிமிர்ந்து நிற்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

ஆகவே வரையத் தொடங்குமுன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா வட்டங்களும் மூன்று முகங்களின் மேல்தான் இருக்கின்றனவா? வளைந்த பரப்பு இன்னொரு வளைந்த பரப்பையோ சாய்ந்த பரப்பையோ எங்கும் சந்திக்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஐசோபிளேன் போதும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் திண்மமாகக் கட்டுவதே சுருக்கு வழி. அளவுகள் இன்னும் முடிவாகாத பொருளுக்கும் அப்படியே.

தம்பி அன்றே நூலகத்து மேசையில் படத்தைத் திருத்தினான். 69.28-ஐ நீக்கிவிட்டு 40, 40 என்று போட்டான். பிறகு யோசித்து, "மாமா, அந்த 12 மி.மீ. கோட்டை நானும் விட்டு வச்சிருக்கேன்" என்று அவனே கண்டுபிடித்து அதையும் அழித்தான்.